கார்பெட் நனைவதும் ஏசி வடிகுழாய் அடைப்பும்: கண்டறிதல், நீக்குதல், உலர்த்துதல்

கேள்வி: ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினாலே, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் கால் வைக்கும் இடத்துக் கார்பெட் சொதசொதவென்று நனைந்துவிடுகிறது. வளைவில் திரும்பும்போது டேஷ்போர்டுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறது. கதவு ரப்பரை மாற்றியும் பயனில்லை. இது எதனால்? வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

தளும்பும் சத்தத்தைக் கேட்டதாகச் சொல்கிறீர்களே, அதுவே பாதி விடை. கதவு வழியாகவோ கண்ணாடி வழியாகவோ வரும் மழைநீர் டேஷ்போர்டுக்குள் தேங்கி நின்று தளும்பாது. அங்கே பெரும்பாலும் தேங்குவது ஏசியின் குளிர்ச்சியால் உண்டாகும் தண்ணீர்தான். அது வெளியே போக வேண்டிய சிறு வடிகுழாய் அடைபட்டிருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இந்த அடைப்பை ஏசி கேஸைத் தொடாமலும் டேஷ்போர்டைக் கழற்றாமலும் நீங்களே நீக்கிவிடலாம். அடைப்பை எடுப்பது சிறிய வேலைதான். கார்பெட்டுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் தண்ணீரை வெளியேற்றி உலர்த்துவதே நாள் பிடிக்கும். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதால் இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

மெக்கானிக்குகள் கூலிங் காயில் என்று சொல்லும் எவாப்பரேட்டர், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆன அதன் மேற்பரப்பு, ஏசி ஓடும்போது உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும். பிளோயர் தள்ளும் ஈரக் காற்று அந்தத் தகடுகளில் பட்டதும், குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போல, காற்றிலிருக்கும் நீராவி துளிகளாக மாறி வழிகிறது. அந்தத் துளிகள் பெட்டியின் அடியில் உள்ள தாழ்வான குழியில் சேர்ந்து, அங்கிருந்து கிளம்பும் குழாய் வழியாக, என்ஜின் பகுதிக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டையோ தரையையோ துளைத்துக்கொண்டு வெளியேறித் தரையில் சொட்டுகின்றன. நிறுத்திய காருக்கு அடியில் தெரியும் சிறு குட்டை இப்படி வந்ததுதான்.

தண்ணீரின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் உங்கள் கார்பெட் ஏன் ஒரே மணி நேரத்தில் நனைகிறது என்பது புரியும். வெளியே 32 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்று 8 டிகிரிக்குக் குளிர்ந்தால் அதனால் சுமார் 8 கிராமைத்தான் தாங்க முடியும். மீதி 16 கிராம் தண்ணீராகிவிடும். பிளோயர் நடுத்தர வேகத்தில் மணிக்கு 200 கன மீட்டர் வெளிக்காற்றைத் தள்ளினால், கணக்குப்படி 3 லிட்டருக்கும் மேல் வருகிறது. நடைமுறையில் எல்லாக் காற்றும் அவ்வளவு குளிர்வதில்லை. உள்காற்றையே சுழற்றும் நிலையில் ஓட்டினால் அளவு இன்னும் வெகுவாகக் குறையும். ஆனாலும் ஈரப்பதமான நாளில் மணிக்கு 1 லிட்டர் என்பது மிகை அல்ல. பெட்டியின் அடிக்குழியோ ஆழமற்றது. ஓரிரு டம்ளர் தண்ணீர் சேர்ந்தாலே நிரம்பிவிடும்.

நிரம்பிய பிறகு தண்ணீர் எங்கே போகிறது என்பது பெட்டியின் அமைப்பைப் பொறுத்தது. இரண்டு பாதிகளாகச் செய்து ஒட்டிய பெட்டி என்பதால் இணைப்புக் கோட்டின் வழியே கசியலாம். பிளோயர் பொருந்தியிருக்கும் பக்கத்தின் விளிம்பைத் தாண்டி, அதன் அடிப்புற வாய் வழியாகக் கொட்டலாம். பல கார்களில் பிளோயர், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதால், பக்கத்து இருக்கைக்காரரின் காலடிதான் முதலில் நனைகிறது. வளைவில் தண்ணீர் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கும். மேட்டில் ஏறும்போதோ வேகமெடுக்கும்போதோ பின்னோக்கி வரும். ஆகவே ஒரு குறிப்பிட்ட பக்கம் திரும்பும்போது மட்டும் காலில் சில்லென்று தண்ணீர் ஊற்றினால், அது தேங்கிய குழியின் விளிம்பு வழிகிறது என்பதற்குத் தெளிவான அடையாளம்.

இருந்தாலும் காருக்கு அடியில் படுப்பதற்கு முன், தண்ணீர் எந்த வகை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைக் காகிதக் கைக்குட்டையைக் கார்பெட்டில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஏசித் தண்ணீர் நிறமற்றது, பிசுக்கில்லாதது, தேங்கி நாளானால் லேசான பாசி நாற்றம் அடிக்கும். காகிதத்தில் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என ஏதேனும் சாயல் தெரிந்து, விரலில் வழுக்கலாகவும் மூக்கில் இனிப்பு வாசனையாகவும் இருந்தால், அது டேஷ்போர்டுக்குள் உள்ள ஹீட்டர் கோரிலிருந்து கசியும், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்குவதும் அதன் துணை அறிகுறி. அது முற்றிலும் வேறு வேலை. என்ஜின் சூடேறிப்போகும் ஆபத்தும் அதில் உண்டு. மழைக்குப் பிறகோ காரைக் கழுவிய பிறகோ மட்டும் நனைந்து, ஏசி போட்ட வறண்ட நாளில் நனையாவிட்டால், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள நீர்வழி, கதவின் உட்புறப் பிளாஸ்டிக் தாள், மேற்கூரைக் கண்ணாடியின் வடிகால் ஆகியவற்றில் தேட வேண்டும். நீங்கள் கதவு ரப்பரை மாற்றியது இந்த மூன்றாவது வகைக்கான மருந்து.

அடுத்தது அடியில் சொட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை. காரைச் சமமான, உலர்ந்த தரையில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிடக் கூடாது. ஏசியை முழுக் குளிரில் வைத்து, வெளிக்காற்று நிலையைத் தேர்ந்தெடுத்து, பிளோயரை நடு வேகத்துக்கு மேல் வைத்து, 15 முதல் 20 நிமிடம் ஓடவிடுங்கள். நல்ல நிலையில் உள்ள காரில் இதற்குள் சொட்டத் தொடங்கியிருக்கும். வெளிக்காற்று நிலை இங்கே முக்கியம். உள்காற்றைச் சுழற்றினால் ஏற்கெனவே ஈரம் எடுக்கப்பட்ட காற்றே திரும்பத் திரும்ப வருவதால், குழாய் நன்றாக இருந்தாலும் சொட்டு குறைவாகத் தெரியும். அதேபோல வறண்ட நாளில் சொட்டாததை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். புழுக்கமான நாளில் 20 நிமிடம் கழித்தும் தரை காய்ந்தே இருந்து, உள்ளே தளும்பும் சத்தமும் கேட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

குழாயின் வெளிமுனையைக் கண்டுபிடிப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். என்ஜின் பகுதியின் பின்சுவரில், கிளவ் பாக்ஸ் இருக்கும் பக்கத்துக்கும் காரின் நடுக்கோட்டுக்கும் இடையே, தாழ்வான இடத்தில் தேடுங்கள். விரல் அளவோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ, கறுப்பு ரப்பரில், கீழ்நோக்கி வளைந்த முழங்கை வடிவில் இருக்கும். பல கார்களில் அதன் நுனி இரண்டு உதடுகள் சேர்ந்தது போல மூடியிருக்கும். தண்ணீரின் எடை பட்டால் மட்டும் திறந்து, பூச்சியும் புகையும் உள்ளே போகாமல் தடுக்கும் அமைப்பு அது. அருகிலேயே இரண்டு அலுமினிய ஏசிக் குழாய்களும், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர்க் குழாய்களும் சுவருக்குள் நுழைவதைக் காணலாம். அவற்றைத் தொடவே கூடாது. வடிகுழாய்க்கு எந்த இறுக்கிக் கிளிப்பும் இருக்காது, வேறு எதனோடும் இணைந்திருக்காது, நுனி வெறுமையாகத் தொங்கும்; அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். சில கார்களில் இந்த முனை கியர் பாக்ஸுக்கு மேலேயோ வெப்பத் தகட்டுக்குப் பின்னாலோ மறைந்திருக்கும். அப்படியானால் உள்ளேயிருந்து, நடுக் கன்சோலின் பக்கவாட்டுக் கார்பெட்டைச் சற்று விலக்கிப் பார்த்தால், பெட்டியிலிருந்து தரைக்குப் போகும் சிறு ரப்பர்க் குழாய் தென்படக்கூடும்.

அடியில் வேலை செய்வதற்கு முன் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, புகைக்குழாய் ஆறும்வரை காத்திருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகளோ சரிவுப் பலகைகளோ வேண்டும். காரின் முன்பக்கம் சற்று உயர்ந்தால் குழியின் தண்ணீர் உள்பக்கம் சாய்ந்து கார்பெட்டில் வழியக்கூடும் என்பதால், காலடியில் பழைய துண்டுகளை முன்கூட்டியே விரித்துவிடுவது நல்லது. கண்ணாடி அணிந்துகொண்டு, முகத்தைக் குழாய்க்கு நேர் கீழே வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு திறந்ததும், பல நாள் தேங்கிய, நாற்றமெடுத்த தண்ணீர் ஒரே வீச்சில் கொட்டும்.

முதலில் ரப்பர் நுனியை இரண்டு விரல்களால் அழுத்திப் பிசையுங்கள். உதடுகள் தூசியும் பாசியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அடைப்பு என்றால், அந்த ஒரு பிசைவிலேயே தண்ணீர் ஓடத் தொடங்கிவிடும். ஓடவில்லையென்றால், கையால் வருமளவுக்கு இருந்தால் முழங்கையை மெல்லத் திருகி உருவி, தனியே கழுவுங்கள். பழைய ரப்பர் கிழியக்கூடியது. அடம் பிடித்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சாம்பல் நிறக் கூழ்: தூசி, இலைத் துணுக்கு, முடி, பெட்டியின் மூடிகளிலிருந்து உதிர்ந்த ஸ்பாஞ்சுத் துகள், இவற்றைப் பிணைக்கும் நுண்ணுயிர்ப் பசை. காய்ந்த களிமண் கட்டியாக வந்தால், அது குளவி கட்டிய கூடாகவோ, வெளியிலிருந்து தெறித்த சேறாகவோ இருக்கும். அண்மையில் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்திருந்தால், அந்தப் பூச்சே நுனியை மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழங்கைக்கு மேலும் அடைப்பு இருந்தால், ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய வேக்குவம் கிளீனரே நான் முதலில் பரிந்துரைக்கும் கருவி. அதன் குழலை வடிகுழாயின் முனையில் வைத்து, இடைவெளியை ஈரத் துணியால் சுற்றிக் கையால் இறுக்கிப் பிடித்து, அரை நிமிடம் உறிஞ்சவிடுங்கள். நிறுத்தி, மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். அழுக்கு வந்த வழியே வெளியேறுவதுதான் இதன் சிறப்பு. காற்றழுத்தத்தால் ஊதுவது வேகமானது, கடைகளில் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஊதும்போது கூழ் மேலே ஏறிக் கூலிங் காயிலில் ஒட்டிக்கொள்ளும், அல்லது மீண்டும் குழிக்குள் விழுந்து சில வாரங்களில் திரும்ப வந்து அடைக்கும். அழுத்தம் மிகுந்தால், தேங்கிய தண்ணீர் பிளோயர் மோட்டாரிலும் அதன் வேகக் கட்டுப்பாட்டு மின்பகுதியிலும் தெறிக்கும். உட்புறக் குழாயே பொருந்திய இடத்திலிருந்து கழன்றுவிடவும் கூடும். வேறு வழியில்லாமல் ஊதினால், தண்ணீரை முதலில் உறிஞ்சிவிட்டு, 2 பாருக்கு மேற்படாத அழுத்தத்தில் சிறுசிறு வீச்சாக ஊதுங்கள்.

உறிஞ்சியும் வராத கட்டியைக் குத்தித்தான் உடைக்க வேண்டியிருக்கும். இங்கேதான் பெரும் சேதம் நேர்கிறது. சைக்கிள் கம்பி, ஸ்க்ரூடிரைவர், நிமிர்த்திய துணி மாட்டும் கம்பி ஆகியவற்றை உள்ளே விடவே விடாதீர்கள். குழியிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்திலேயே கூலிங் காயில் இருக்கலாம். அதன் அலுமினியம் கம்பி முனைக்குத் தாங்காது. ஓர் ஊசித்துளை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும். காயிலை மாற்ற டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். புல்வெட்டும் இயந்திரத்தில் பயன்படும் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் நைலான் கயிறோ, முனையை வட்டமாக வெட்டிய நீளமான பிளாஸ்டிக் கேபிள் டையோ போதும். அதை மெல்லத் திருகியபடி செலுத்துங்கள். மிருதுவான தடை பட்டால் முன்னும் பின்னும் அசைத்துக் கரையுங்கள். கெட்டியான எதுவும் பட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள். குழாய் சுவரைக் கடந்த பிறகு அதிக தூரம் தள்ள எந்தத் தேவையும் வராது. கட்டி உடைந்ததும் மறுபடி உறிஞ்சி எடுங்கள்.

தண்ணீர் கொட்டியது என்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பாதி அடைப்பு நீங்கினாலும் தேங்கியது கொட்டிவிடும். குறுகிய வழி மறுபடி மூடிக்கொள்ளும். ஆகவே முன்பு செய்த அதே 20 நிமிடச் சோதனையை மீண்டும் செய்து, சொட்டு இடைவிடாமல் வருகிறதா, தண்ணீர் தெளிந்து வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு முறை காரைச் சற்று ஓட்டி இருபுறமும் திருப்பிப் பார்த்துச் சத்தம் நின்றதை உறுதி செய்யுங்கள். கூலிங் காயிலைச் சுத்தம் செய்யும் நுரை மருந்தைப் பயன்படுத்த விரும்பினால், வடிகுழாய் முழுவதும் திறந்தது தெரிந்த பிறகுதான் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரையும் அழுக்கும் கார்பெட்டில்தான் வந்து சேரும். கழிப்பறைக்கான அமிலமும் ப்ளீச்சும் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

இனி கார்பெட். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்புவதுதான் பூஞ்சைக்கு வழிவிடுகிறது. மெல்லிய துணிப்பரப்புக்குக் கீழே தடிமனான ஸ்பாஞ்சு அல்லது பஞ்சு அடுக்கு இருக்கிறது. அது பல லிட்டர் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மேல் துணியோ அரை நாளில் உலர்ந்துவிடும். கதவடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி இழுத்துக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, விரலை அடி ஸ்பாஞ்சுக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே விட்டுப் பாருங்கள். அங்கே தண்ணீர் தேங்கியிருப்பது பெரும்பாலும் உங்களை வியக்கவைக்கும். வேக்குவத்தின் முனையை ஸ்பாஞ்சில் அழுத்திப் பலமுறை உறிஞ்சி, பிறகு ஒரு மரக்கட்டையை இடையே வைத்துக் கார்பெட்டைத் தூக்கி நிறுத்தி, மின்விசிறியின் காற்று அடியில் புகும்படி வையுங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். பின் இருக்கையின் காலடியையும் தொட்டுப் பாருங்கள். தரைத் தகட்டின் பள்ளங்கள் வழியே தண்ணீர் அங்கேயும் போயிருக்கலாம். வடிகுழாய் திறந்துவிட்டதால், கண்ணாடிகளை மூடி, ஏசியைச் சூடான காற்றோடு சேர்த்து ஓட்டினாலும் ஈரம் விரைவாக வெளியேறும்.

கார்பெட்டைத் தூக்கும்போது கம்பிக் கற்றைகளும் இணைப்பான்களும் தென்படும். சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. பச்சை பூத்த ஊசிகள் தெரிந்தாலோ, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்த அடையாளம் இருந்தாலோ, எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். மஞ்சள் நிற இணைப்பான்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. இருக்கையைக் கழற்ற நேர்ந்தால், பேட்டரியின் இணைப்பை எடுத்துப் பத்து நிமிடமாவது கழித்த பிறகே அவற்றைப் பிரிக்க வேண்டும்; பிரித்த நிலையில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிடும்.

அடியில் நன்றாகச் சொட்டியும் உள்ளே மறுபடி நனைந்தால், அடைப்பைத் தவிர வேறு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, வெளி முழங்கை கழன்று விழுந்திருப்பது அல்லது சரியாகப் பொருந்தாதது. அப்போது தண்ணீரில் ஒரு பகுதி கீழே சொட்டாமல் சுவரோடு வழிந்து, துளையின் ஓரமாக மறுபடி உள்ளே வந்துவிடும். இரண்டாவது, உள்ளே காயிலுக்குப் போகும் குளிர்ந்த குழாயின் மேல் சுற்றிய ஸ்பாஞ்சு உறை உதிர்ந்திருப்பது. குழாயே வியர்த்துக் கார்பெட்டில் சொட்டும். இதை உறையைப் புதிதாகச் சுற்றியே சரிசெய்துவிடலாம். மூன்றாவது, காயில் பனிக்கட்டியாக உறைவது. கேஸ் குறைந்தாலோ, காயிலின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் பழுதானாலோ இது நிகழும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது காற்று வரவரக் குறைந்து, ஏசியை அணைத்துச் சிறிது நேரம் கழித்துத் தண்ணீர் மொத்தமாக வழிந்தால் இதுதான் என்று கொள்ளலாம். கேஸ் அழுத்தத்தை அளக்கும் கருவி உள்ளவரிடம்தான் இதற்குப் போக வேண்டும்.

மீண்டும் அடைக்காமலிருக்க, கேபின் ஃபில்டர் இல்லாமலோ கிழிந்த ஃபில்டரோடோ ஓட்டாதீர்கள். குழியில் சேரும் தூசியும் இலைத் துணுக்கும் பெரும்பாலும் அந்த வழியே வந்தவைதான். முன்கண்ணாடிக்கு அடியில் சேரும் சருகுகளையும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள். சிலர் ரப்பர் உதட்டையே வெட்டிவிட்டால் அடைக்காது என்பார்கள். அது உண்மைதான் என்றாலும், குளவிக்கும் சேற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். வலையைக் கட்டி மூடினாலோ, வலையிலேயே பாசி பிடித்து அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் காலம் தொடங்கும் முன், அந்த நுனியை இரண்டு விரலால் ஒரு பிசை பிசைந்துவிடுவதே போதும்.